‘இ’ பெயரடையா, ‘ந’ பெயரடையா: இறந்தகாலம் எதில் ஒட்டும்?

ஜப்பானிய மொழியில் பெயரடை இரண்டு வகை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஸமுஇ (குளிரான) அப்படியே நிற்கும்: ஸமுஇ ஹெய, குளிரான அறை. ஷிஸுக (அமைதி) தனியாக நிற்காது, ‘ந’ வேண்டும்: ஷிஸுக ந மச்சி, அமைதியான ஊர். நமக்கு இரண்டாவது பழகியதுதான். ‘அமைதி’யோடு ‘ஆன’ ஒட்டுவது போலத்தான் அதுவும். இந்த ‘ந’கூட ‘ஆகும்’ என்ற பொருளில் இருந்த ஒரு பழைய சொல்லின் எச்சமே.

வாக்கியத்தின் முடிவுக்கு வந்தால் இரண்டும் பிரிகின்றன. ஸமுஇ ஒரு வினைச்சொல்லைப் போலத் தானே காலம் காட்டும். ஷிஸுக மாறவே மாறாது. பக்கத்தில் நிற்கும் ‘த’ (ஆகும்) மாறும்.

| | குளிர் | அமைதி |
|---|---|---|
| நிகழ்காலம் | ஸமுஇ | ஷிஸுக த |
| எதிர்மறை | ஸமு-கு-நை | ஷிஸுக ஜ-நை |
| இறந்தகாலம் | ஸமு-கத்த | ஷிஸுக தத்த |
| இறந்தகால எதிர்மறை | ஸமு-கு-ந-கத்த | ஷிஸுக ஜ-ந-கத்த |

கடைசி வரிசையில் இரண்டும் ஒரே மாதிரி முடிவதற்குக் காரணம் உண்டு. ‘நை’ (இல்லை) என்பதே ஒரு இ-பெயரடை. அதனால் ஸமு-கத்த போலவே அதுவும் ந-கத்த ஆகிறது. அப்போது புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியது இறந்தகாலமும் நிகழ்கால எதிர்மறையும் மட்டுமே.

ந-வகைதான் சிரமம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘த’வின் வடிவங்களை ஒருமுறை கற்றால் போதும், ‘மாணவன்’ போன்ற பெயர்ச்சொற்களுக்கும் அவையே உதவும். தடுமாற்றம் இ-வகையில்தான், அதுவும் மரியாதைப் பேச்சில். அங்கே ‘த’வின் இடத்தில் தெஸு வரும், அதன் இறந்தகாலம் தெஷித. “அறை குளிராக இருந்தது” என்பதற்கு ‘ஸமுஇ தெஷித’ என்று சொல்லத் தோன்றும், அது தவறு. காலம் பெயரடையிலேயே இருக்க வேண்டும்: ஸமு-கத்த தெஸு. இங்கே தெஸு மரியாதைக்கு மட்டும். ‘ஸமுஇ தெஸு’ என்பதே ஒரு காலத்தில் கொச்சையாகக் கருதப்பட்டது. 1952-ல் ஜப்பானின் தேசிய மொழிக் குழு அதை ஏற்றது. ஷிஸுகவுக்கு மட்டும் ‘ஷிஸுக தெஷித’ சரி.

அப்புறம் கிரேஇ (அழகான, சுத்தமான). ‘இ’யில் முடிவதைப் பார்த்து ‘கிரெ-கத்த’ என்று சொல்லிவிடுவார்கள். இது ந-வகை: கிரேஇ தத்த, கிரேஇ ஜ-நை. இந்தச் சொல்லைச் சீன எழுத்தில் எழுதினால் கடைசி ‘இ’ எழுத்தின் ஒலிக்குள்ளேயே அடங்கிவிடும். ஸமுஇயில் ‘இ’ வெளியே தனியாக நிற்கும். ஆனால் கிரேஇயைப் பெரும்பாலும் ஹிரகானா என்ற ஒலியெழுத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதால் இந்தச் சோதனை எப்போதும் கைகொடுக்காது. அதைவிட எளிய அடையாளம், ‘எ’ ஒலிக்குப் பின் ‘இ’ வந்தால் அது ந-வகை. யூமேஇயும் (பிரபலமான) அப்படியே. இதில் அகப்படாதது கிரை (பிடிக்காத). எழுத்திலும் ஒலியிலும் இ-வகை போலவே இருக்கும், ஆனால் ந-வகை. ‘வெறுக்க’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது.

மறுபக்கம் ஈ (நல்ல) உண்மையான இ-வகைதான். ஆனால் திரியும்போது தன் பழைய உருவான யொய்க்குப் போய்விடும்: யொ-கத்த, யொ-கு-நை.