"குளோபல் ஷட்டர்" என்ற பெயரில் விற்கப்படும் யூ.எஸ்.பி. கேமராக்கள்: வேகமான ரோபோவுக்கு வாங்குவோர் கவனத்திற்கு

இணையக் கடை ஒன்றில் "குளோபல் ஷட்டர், வண்ணம், 1080p, ரோபோ பயன்பாட்டிற்கு ஏற்றது" என்று தலைப்பிட்டு விற்கப்பட்ட யூ.எஸ்.பி. கேமரா ஒன்றை எங்கள் நான்கு சக்கர ரோபோவிற்காக வாங்கினோம். வந்தது சாதாரண ரோலிங் ஷட்டர் கேமரா. விற்பனையாளர் அதை ஒப்புக்கொள்ளாமல் இழுத்தடித்த விதத்தையும், பொய்யை எளிதாகக் கண்டுபிடிக்கும் வழியையும் இங்கே பதிவு செய்கிறேன். பெரும்பாலான யூ.எஸ்.பி. கேமராக்கள் தம்முள் இருக்கும் சென்சார் எது என்பதைக் கணினிக்குத் தெரிவிப்பதில்லை என்பதால், இந்த ஏமாற்று வேலை எளிதில் வெளிப்படுவதில்லை.

ரோலிங் ஷட்டர் சென்சார் படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையாக ஒளியைப் பதிந்து வாசித்துக்கொண்டே கீழே இறங்குகிறது. குளோபல் ஷட்டரில் எல்லாப் பிக்சல்களும் ஒரே நேரத்தில் ஒளியைப் பதிகின்றன. பதிந்ததை வாசிக்கும் வரை வைத்திருக்க ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் தனி இடம் தேவைப்படுவதாலேயே அதன் விலை கூடுகிறது. அசையாத காட்சியில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மேசைமேல் வைத்துச் சோதித்தபோது எங்கள் கேமராவும் நன்றாகத்தான் இருந்தது.

ரோபோ நொடிக்கு 180 டிகிரி வேகத்தில் திரும்பியபோதுதான் சிக்கல் தெரிந்தது. பதிவு செய்த படங்களில் கதவு நிலையின் செங்குத்து விளிம்பு சாய்ந்திருந்தது. இந்தச் சாய்வைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். 1280×720 படத்தில் கிடைமட்டப் பார்வைக் கோணம் 70 டிகிரி என்றால், குவியத் தொலைவு ஏறத்தாழ 914 பிக்சல். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையே 30 மில்லிநொடி இடைவெளி இருந்தால், அதற்குள் ரோபோ 5.4 டிகிரி திரும்பிவிடுகிறது. எனவே விளிம்பின் அடிப்பகுதி அதன் தலைப்பகுதியிலிருந்து சுமார் 86 பிக்சல் விலகி நிற்கும். படத்தில் அது ஏறத்தாழ 7 டிகிரி சாய்வாகத் தெரியும்.

கேமராப் படங்களைக் கொண்டு ரோபோ நகர்ந்த பாதையைக் கணக்கிடும் விஷுவல் ஓடோமெட்ரி நிரல்களில் பெரும்பாலானவை ஒரு படத்தின் எல்லாப் புள்ளிகளும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை என்றே எடுத்துக்கொள்கின்றன. சாய்ந்த கதவைக் கண்டதும் அந்தச் சாய்வின் ஒரு பகுதியை, கணக்குப்படி பார்த்தால் ஏறத்தாழ பாதியை, ரோபோவே பக்கவாட்டில் சாய்ந்ததாகக் கொள்கின்றன. மீதி, புள்ளிப் பொருத்தத்தில் பிழையாகத் தேங்கி நிற்கிறது. படங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது, சமதளத் தரையில் ஓடிய எங்கள் ரோபோ திருப்பம் தொடங்கும் இடங்களில் 3 டிகிரி சாய்ந்ததாகக் காட்டியது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது அடுத்தடுத்த படங்கள் ஒரே அளவில் சாய்வதால் பிழை ஓரளவு மறைந்துகொள்கிறது. திருப்பம் தொடங்கும்போதும் முடியும்போதுமே அது பாதையைக் கெடுக்கிறது. திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோவையும் சேர்த்து ஓட்டினால் நிலைமை இன்னும் குழப்பமாகிறது: கைரோ சாயவில்லை என்கிறது, கேமரா சாய்ந்தது என்கிறது, நிரலோ கைரோவின் பயஸ் என்ற உள்ளார்ந்த பிழை மதிப்பை மாற்றி இருவரையும் சமாதானப்படுத்தப் பார்க்கிறது. மெதுவாக ஓடியபோது தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்த சதுரப் பாதை, வேகமாக ஓடியபோது அரை மீட்டருக்கும் மேல் விலகி முடிந்தது.

அதிர்வு இதைவிடத் தொல்லை தருகிறது. மோட்டாரால் கேமராத் தாங்கி நொடிக்கு 100 முறை அதிர்ந்தால், 30 மில்லிநொடியில் மூன்று அதிர்வுகள் ஒரே படத்துக்குள் பதிந்துவிடும். நேரான விளிம்பு மூன்று வளைவுகளோடு நெளிந்து தெரியும். அதிர்வின் வீச்சு 0.1 டிகிரிதான் என்றாலும் படத்தில் அது ஒன்றரைப் பிக்சலுக்குச் சற்று மேல் வரும். ஒரு பிக்சலின் பின்னத்தைக்கூடக் கணக்கில் எடுக்கும் புள்ளித் தொடர்வுக்கு இது பெரிய பிழை.

இவற்றையெல்லாம் படங்களோடு எழுதிக் கேட்டபோது, விற்பனையாளர் "எக்ஸ்போஷரைக் குறைத்தால் சரியாகிவிடும்" என்று பதில் அனுப்பினார். இந்தப் பதில் உங்களுக்கும் வரக்கூடும். எக்ஸ்போஷரைக் குறைத்தால் மங்கல் குறையும். வரிசைகளுக்கு இடையேயுள்ள கால இடைவெளி மாறாது என்பதால், சாய்வு சற்றும் குறையாமல் இன்னும் தெளிவாகத் தெரியும். சென்சார் எண்ணை வற்புறுத்திக் கேட்டதும் OV9281 என்றார். அந்தச் சென்சார் கறுப்பு வெள்ளை, 1280×800 மட்டுமே. அதன் வண்ண வடிவம் OV9782. எங்களிடம் வந்ததோ 1920×1080 தரும் வண்ணக் கேமரா.

உறுதியான சான்றுக்கு எல்.இ.டி. சோதனை போதும். முதலில் தானியங்கி எக்ஸ்போஷரை நிறுத்தி, அதை அரை மில்லிநொடியாக்க வேண்டும் (கீழே உள்ள மதிப்பின் அலகு 100 மைக்ரோநொடி):

```
v4l2-ctl -d /dev/video0 --list-formats-ext
v4l2-ctl -d /dev/video0 -c auto_exposure=1
v4l2-ctl -d /dev/video0 -c exposure_time_absolute=5
```

பிறகு ஒரு மைக்ரோகன்ட்ரோலரால் எல்.இ.டி.யை 500 ஹெர்ட்ஸில் சிமிட்டவைத்து, அதன் மேல் வெள்ளைத் தாளை மூடி, படம் முழுவதும் அந்த ஒளி நிரம்பும்படி லென்ஸுக்கு அருகில் பிடிக்க வேண்டும். குளோபல் ஷட்டராக இருந்தால் ஒவ்வொரு படமும் முழுக்க ஒரே ஒளி அளவில் இருக்கும். படத்துக்குப் படம் வேண்டுமானால் அந்த அளவு மாறலாம். ரோலிங் ஷட்டரில் வெளிச்சமும் இருளுமாகக் கிடைமட்டப் பட்டைகள் விழும். எக்ஸ்போஷர் நீண்டிருந்தால் பட்டைகள் கரைந்து மறைந்துவிடும் என்பதால் அதைக் குறைப்பதே இந்தச் சோதனையின் உயிர்நாடி. எங்கள் கேமராவில் ஒரு வெளிச்சப் பட்டையும் ஒரு இருள் பட்டையும் சேர்ந்து 48 வரிசைகள் இருந்தன. ஒரு சிமிட்டலுக்கு 2 மில்லிநொடி. 720 வரிசைகளில் 15 சிமிட்டல்கள். ஆக மொத்தம் 30 மில்லிநொடி.

இந்த எண்ணுக்கு ஒரு பயனும் உண்டு. கேமராவையும் கைரோவையும் சேர்த்துப் பாதையைக் கணக்கிடும் வின்ஸ்-மோனோ நிரலைப் பயன்படுத்துவோர் அமைப்புக் கோப்பில் இப்படிக் கொடுக்கலாம்:

```
estimate_td: 1
rolling_shutter: 1
rolling_shutter_tr: 0.03
```

முதல் வரி இல்லாவிட்டால் மற்ற இரண்டும் கணக்கில் வருவதில்லை. இந்தத் திருத்தம், படத்தில் ஒவ்வொரு புள்ளியும் சீரான வேகத்தில் நகர்வதாகக் கொள்கிறது. ஆகவே திருப்பத்தின் சாய்வை ஓரளவு தணிக்கும், மோட்டார் அதிர்வின் நெளிவை ஒன்றும் செய்யாது. தாங்கிக்கு ரப்பர் வைத்துப் பார்த்ததில் நெளிவு குறைந்தது, ஆனால் அகலவில்லை.

நல்ல பொருள்களிலும் விளம்பரத்தைக் கூர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. ரியல்சென்ஸ் D435 குளோபல் ஷட்டர் என்று சொல்லப்படுவது அதன் ஆழக் கேமராக்களுக்கே பொருந்தும். அதன் வண்ணக் கேமரா ரோலிங் ஷட்டர். D455-இல் வண்ணமும் குளோபல் ஷட்டர்தான். ராஸ்பெர்ரி பை 2023 மார்ச்சில் வெளியிட்ட குளோபல் ஷட்டர் கேமராவில் IMX296 சென்சார் இருக்கிறது. `rpicam-hello --list-cameras` என்று இட்டால் சென்சாரின் பெயரே திரையில் வந்துவிடுவதால், அங்கே பெயரை மாற்றிச் சொல்லி விற்பது எளிதல்ல.

எல்.இ.டி. பட்டைகளின் காணொளியை அனுப்பியதும் விற்பனையாளர் முதலில் கால்வாசிப் பணத்தைத் தருவதாகச் சொன்னார். கட்டணத் தளத்தில் முறையீடு பதிந்த பின்னரே முழுத் தொகையும் வந்தது. திருப்பி அனுப்பும் செலவு எங்கள் தலையில்தான் விழுந்தது. அந்த விற்பனைப் பக்கம் இப்போதும் அதே தலைப்போடு இருக்கிறது. சென்சார் எண் இன்னும் அதில் இல்லை.