சங்கா, புட்டியா, குழாயா, மார்பா: குறைமாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் வழி எது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கத்தில் குறைமாதக் குழந்தை பிறந்த எந்த வீட்டிலும் ஒரு சர்ச்சை வரும். பாட்டி சங்கை எடுத்துக் கொடுப்பார். அத்தை, ‘புட்டி வாங்கிடலாம், சுலபம்’ என்பார். டாக்டர் மூக்கில் குழாய் வைத்திருப்பார். குழந்தையைப் பெற்றவளோ, எப்போது மார்பில் போடலாம் என்று காத்திருப்பாள். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பல வருடம் இருந்தவள் நான். இந்த நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குழந்தை உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். இந்த மூன்றும் ஒத்துப்போக ஏறத்தாழ 34 வாரக் கர்ப்ப வயது ஆகும். அதற்கு முன் பிறந்த பிள்ளை உறிஞ்சத் தெரிந்தது போல வாயசைக்கும், ஆனால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். அதனால் எந்த வழி என்பதை எடை மட்டும் சொல்லாது, எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதே முக்கியமாகச் சொல்லும்.

கையில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு பேசுவோம். பாபநாசம் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணுக்கு 32 வாரத்தில், 1500 கிராமில் ஒரு பெண் குழந்தை. மூச்சுத் திணறல் இல்லை, ஆனால் முழுதாய் விழுங்க வலுவில்லை.

முதல் ஆறு நாளும் குழாய்தான். வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ வயிற்றுக்குள் மெல்லிய குழாய் போட்டு, மேலே பிடித்த ஊசிக்குழலில் பாலை ஊற்றுவோம். பிஸ்டனால் அழுத்தித் தள்ளுவதில்லை, பால் தானாக இறங்க வேண்டும். அளவு எப்படி என்றால், முதல் நாள் கிலோவுக்கு 60 மில்லி, அதாவது அன்று முழுக்க 90 மில்லி. இரண்டு மணிக்கொரு தரம் கொடுத்தால் ஒரு வேளைக்கு ஏழெட்டு மில்லி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கிலோவுக்கு 150 மில்லிக்குக் கொண்டு வந்தோம், அப்போது ஒரு வேளைக்கு 19 மில்லி. குழாயின் நிறை என்னவென்றால், குழந்தை களைக்காது, அளவு சரியாகப் போகும். குறை, வாய்க்கு வேலையே இல்லை. வயிறு உப்பி இறுகினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ அடுத்த வேளையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். தாமதிக்கக் கூடாத அறிகுறி அது.

குழாயில் ஊற்றப் பால் வேண்டுமே. அது தாயின் பாலாகவே இருக்க வேண்டும். பிறந்த சில மணி நேரத்துக்குள் கையால் பீய்ச்சத் தொடங்கி, நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தரம், இரவிலும் ஒரு முறையாவது பீய்ச்ச வேண்டும். முதல் நாளில் சில துளிதான் வரும், அதையும் விட்டுவிடக் கூடாது, அது சீம்பால். ‘பால் ஊறலையே சிஸ்டர்’ என்று அழும் பெண்களில் பலருக்குக் குறை சுரப்பில் இல்லை, பீய்ச்சும் தரம் போதாததில்தான். நம் வெயிலில், வெளியே வைத்த பாலை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம்.

இனி பாலாடை. நம் வீடுகளில் சங்கு என்று சொல்வதும் இதே வடிவம்தான், மருத்துவமனையில் எவர்சில்வரில் இருக்கும். 31, 32 வாரத்தைத் தாண்டிய குழந்தை உறிஞ்சாமல் போனாலும் சொட்டுச் சொட்டாக விழுங்கக் கற்றுவிடும். இந்தப் பருவத்துக்குப் பாலாடைக்கு நிகர் இல்லை என்பதுதான் என் கட்சி. எங்கள் குழந்தைக்கு ஏழாம் நாள் தொடங்கினோம். விழித்திருக்கும்போது தலையும் கழுத்தும் தாங்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடுமளவு மட்டும் சாய்த்தோம். விழுங்கியதும் அடுத்தது. ‘அதுல ஊத்துனா ஒரே மடக்குல போயிடுமே சிஸ்டர்’ என்று மாமியார் கேட்டார். அதுதான் கூடாது அம்மா, ஊற்றக் கூடாது, குழந்தை எடுத்துக்கொள்ள விட வேண்டும் என்றேன். முதல் வேளையில் 20 நிமிடத்தில் 8 மில்லி குடித்தது, மீதி 11 மில்லி குழாயில் போயிற்று. அரைமணிக்கு மேல் இழுத்தால் குடித்த பாலின் சக்தியை விடக் குடிக்கும் சிரமம் கூடிவிடும். இருமல், உதட்டைச் சுற்றி நீலம், மூச்சு ஒரு கணம் நிற்பது, ஓரத்தில் நிறைய வழிவது, இவற்றில் எது வந்தாலும் அந்த வேளையை அங்கேயே நிறுத்திவிடுவோம். மூன்று நான்கு நாளில் எல்லா வேளையும் பாலாடைக்கு வந்து, குழாய் வெளியேறிவிட்டது.

பாலாடையிலும் குறை உண்டு. பால் வழியும், எவ்வளவு போயிற்று என்பது கண்ணுக்குத் தெரியாது, கழுத்துத் துண்டையும் பார்த்துத்தான் கணக்கு வைக்க வேண்டும். வீட்டுச் சங்கில் செதுக்கு வேலை இருந்தால் அந்த மடிப்பில் பால் படிந்து கெடும். வழவழப்பான எவர்சில்வர் ஒன்றே போதும், ஒவ்வொரு முறையும் கழுவி நன்கு கொதிக்க வைத்தால் சரி.

புட்டி பற்றி. இதை நான் கூடாது என்கிறேன், ஏன் என்றும் சொல்கிறேன். புட்டியில் பால் வரும் வேகம் குழந்தையின் கட்டுப்பாட்டில் இல்லை, ரப்பர் தானே சொட்டும், மூச்சு விட இடைவெளி கிடைக்காமல் தடுமாறும். கழுத்திலும் ரப்பரிலும் கிருமி தங்க நிறைய இடம் இருக்கிறது, காவிரிக்கரை ஊர்களின் தண்ணீருக்கு அது வயிற்றுப்போக்காக முடியும். புட்டிக்குப் பழகிய பிள்ளை மார்பில் வாய் வைக்க மறுப்பதையும் பார்க்கிறோம். தாய்ப்பால் நேராகக் கொடுக்க முடியாதபோது புட்டியை விடக் கிண்ணமோ பாலாடையோதான் மேல் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலையும். ஒரே விஷயத்தில் புட்டி வெல்லும், யார் கொடுத்தாலும் சீக்கிரம் கைவரும். அதற்காக இந்தக் குழந்தைக்கு அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பாலாடையிலிருந்து மார்புக்கு வரும் பாலம் கங்காரு பராமரிப்புதான். பாலாடையால் உறிஞ்சக் கற்றுக்கொடுக்க முடியாது, அந்தப் பயிற்சி இங்கேதான் நடக்கும். தொப்பி, காலுறை, லங்கோடு மட்டும் போட்ட குழந்தையை, தாயின் இரு மார்புக்கு நடுவில் நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்தி, கால்கள் தவளைக்கால் போல மடங்க, தலை ஒரு பக்கம் திரும்பியபடி வைத்து, மென்மையான பருத்தி வேட்டித் துணியால் கட்டுவோம். கழுத்து மடிந்து மூக்கு அடைபடாமல் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது, நாளில் எத்தனை மணி நேரம் முடியுமோ அத்தனை. 8 முதல் 24 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன அளவு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனே கங்காரு பராமரிப்பைத் தொடங்கியதில், முதல் 28 நாளில் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது.

வெப்பத்தட்டும் இன்குபேட்டரும் மூச்சு நிலையில்லாத குழந்தைக்கு மருத்துவமனையில் அவசியம். வீட்டுக்குப் போன பிறகு அவற்றுக்குப் பதில் வெந்நீர்ப் புட்டி, மின்விளக்கு என்று ஆரம்பிப்பார்கள். தீப்புண்ணும் வரும், மின்சாரமும் போகும். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியபின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. தாயின் நெஞ்சுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. தாய்க்கு அலுத்தால் அப்பாவோ பாட்டியோ வைத்துக்கொள்ளலாம். வயிறும் பாதமும் இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. பாதம் சில்லென்றால் குளிர். சித்திரை வெயிலில் வியர்த்துச் சிவந்தால் தொப்பியைக் கழற்றிவிட்டுத் துணியைத் தளர்த்துங்கள்.

எங்கள் குழந்தை இப்படி நெஞ்சிலிருக்கும்போது, பால் பீய்ச்சி முடித்த மார்பில் முகம் வைத்துச் சப்ப விட்டோம். பால் இல்லாததால் புரையேறும் பயமில்லை. 14-ஆம் நாள், 34 வாரம் ஆனபோது நிஜமாகவே உறிஞ்சி விழுங்கும் ஓசை கேட்டது. அன்றிலிருந்து முதலில் மார்பு, குறைந்ததை மட்டும் பாலாடை. நான்காம் நாளில் 1400 வரை இறங்கிய எடை, பன்னிரண்டாம் நாளில் பழைய எடைக்கு வந்து, அதன் பின் தினம் 20, 25 கிராம் ஏறியது. கிலோவுக்கு நாளைக்கு 10 முதல் 15 கிராம் ஏறினால் நிம்மதி. ஏறாவிட்டால் முதலில் பால் அளவையும் குளிரையும் பார்ப்போம், தேவைப்பட்டால் டாக்டர் தாய்ப்பாலில் கலக்கும் ஊட்டப்பொடியை எழுதுவார். பாலில் தண்ணீர் கலக்காதீர்கள், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, கழுதைப்பால் எதுவும் வேண்டாம்.

மூன்றரை வாரத்தில் 1700 கிராமைத் தாண்டி வீட்டுக்கு அனுப்பினோம். இங்கேதான் குடும்பங்கள் ஒரு பரிசோதனையை விட்டுவிடுகின்றன. 34 வாரத்துக்குக் குறைவாகவோ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த நான்கு வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். பார்வையைப் பறிக்கும் விழித்திரைக் கோளாறு வெளியே தெரியாது, கண் அழகாகவே இருக்கும். ‘கண்ணு நல்லாத்தானே இருக்கு’ என்று நடவு வேலை, மழை எனத் தள்ளிப் போடாதீர்கள், சிகிச்சைக்கான நாட்கள் மிகக் குறைவு. செவித்திறன் சோதனை ஒரு மாதத்துக்குள், குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். இரும்புச்சத்து சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன அளவில் தொடருங்கள்.

தடுப்பூசியும் கண் பரிசோதனையும் பிறந்த தேதிக் கணக்கில். வளர்ச்சியைப் பார்ப்பதும் உணவு ஆரம்பிப்பதும் திருத்திய வயதில், இரண்டு வயது வரை இப்படித்தான். எங்கள் குழந்தை எட்டு வாரம் முன்னால் பிறந்தது, அதனால் இரண்டு மாதத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதக் குழந்தை உட்காரவில்லையே என்று பாட்டி கவலைப்படும்போது, அது உண்மையில் நான்கு மாதக் குழந்தை, தலை நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சோறூட்டும் தேதியிலும் இதே கணக்கு. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குத் திருத்திய வயது நான்கு மாதத்திலா, ஆறு மாதத்திலா உணவு தொடங்குவது என்று டெல்லி மருத்துவமனைகளில் ஒப்பிட்டார்கள், 2017-இல் முடிவு வெளிவந்தது. எடையில் வித்தியாசமில்லை, ஆனால் நான்கிலேயே தொடங்கியவர்கள் அதிகமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே இந்தக் குழந்தைக்குச் சடங்கை நாட்காட்டியின் ஆறாம் மாதத்தில் வைப்பதற்குப் பதில் எட்டாம் மாதத்தில் வையுங்கள், அதுவரை தாய்ப்பால் போதும். திருத்திய நான்கு மாதத்தில் தலை நிற்காவிட்டாலோ, கை எப்போதும் முட்டியாகவே இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் அசைந்தாலோ கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, மாவட்டத்து ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அப்போதே கூட்டிப் போங்கள்.