சேர்வரின் முகவரியை எங்கே எழுதி வைப்பது: நிறுவும் திரையிலா, றவுட்டரிலா?

உபுண்டு சேர்வரை நிறுவும்போது வரும் வலையமைப்புத் திரையில், கேபிள் செருகப்பட்டிருக்கும் இடைமுகத்தின் பெயரும் அதன் மக் முகவரியும் தெரியும். றவுட்டர் ஏற்கெனவே வழங்கிவிட்ட ஐபி முகவரியும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். அதைத் திறந்து, `Automatic (DHCP)` என்பதை `Manual` என்று மாற்றி, நமக்குப் பிடித்த ஓர் எண்ணை எழுதிவிடுவது பலருடைய வழக்கம். சேர்வருக்கு மாறாத முகவரி வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அந்த மாறாத எண்ணைச் சேர்வருக்குள் எழுதுவதா, அல்லது சேர்வரைத் தானியங்கி முறையிலேயே விட்டுவிட்டு, "இந்த மக் முகவரிக்கு எப்போதும் இந்த எண்ணையே கொடு" என்று றவுட்டரில் ஒதுக்கீடு செய்வதா என்பதுதான் கேள்வி. சிறிய அலுவலகம், கல்வி நிலையம், வீடு ஆகியவற்றுக்கு இரண்டாவது வழியே பெரும்பாலும் நல்லது என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கு நானே நிறுவிக் கொடுத்த சேர்வர்.

கடந்தகால வினாத்தாள்களையும் பாடக்குறிப்புகளையும் மாணவர்கள் வைஃபை வழியாகத் திறந்து பார்ப்பதற்கான சேர்வர் அது. றவுட்டர் 192.168.1.1 இல் இருந்தது. நான் நிறுவும் திரையில் 192.168.1.50 என்று எழுதினேன். பல மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு நாள் மாலை, நீண்ட மின்வெட்டு முடிந்த பின்னர், பொறுப்பாக இருந்த தம்பி தொலைபேசியில் அழைத்தார்: "அண்ணை, வினாத்தாள் பக்கம் ஒருக்காத் திறக்குது, ஒருக்காத் திறக்குதில்லை. சேர்வர் எரிஞ்சுதானே நிக்குது."

முழுமையாக நின்றுபோன சேர்வரை விட, இப்படி விட்டுவிட்டு வேலை செய்யும் சேர்வரே ஆளை அதிகம் அலைக்கழிக்கும். கேபிளையும் சுவிட்சையும் மாற்றிப் பார்த்த பிறகுதான், அதே வலையமைப்பில் இருந்த இன்னொரு லினக்ஸ் கணினியில் இந்தக் கட்டளையை ஓட்டினேன்:

```
sudo arping -I enp3s0 192.168.1.50
```

ஒரே எண்ணுக்கு இரண்டு வெவ்வேறு மக் முகவரிகளிலிருந்து பதில் வந்தது. ஒன்று சேர்வருடையது. மற்றதன் இரண்டாவது எழுத்து `a`. அந்த இடத்தில் 2, 6, a, e ஆகியவற்றுள் ஒன்று இருந்தால், அது தொழிற்சாலையில் பதிக்கப்பட்ட முகவரி அன்று, மென்பொருள் உருவாக்கிக்கொண்டது என்று பொருள். இக்காலத் திறன்பேசிகள் வைஃபையில் இயல்பாகவே அப்படிச் செய்கின்றன. அதாவது, ஒரு மாணவரின் திறன்பேசியும் சேர்வரும் ஒரே எண்ணில் உட்கார்ந்திருந்தன.

நடந்தது இதுதான். றவுட்டர் தானாக வழங்கும் எண்களின் வரம்பு 2 இலிருந்து 254 வரை இருந்தது; 50 அதற்குள்ளேயே அடங்கியது. சேர்வர் தன் எண்ணை றவுட்டரிடம் கேட்டு வாங்கவில்லை என்பதால், 50 எடுக்கப்பட்டுவிட்டது என்ற பதிவு றவுட்டரிடம் என்றுமே இருந்ததில்லை. சில றவுட்டர்கள் ஓர் எண்ணை வழங்குவதற்கு முன் அதில் யாராவது பதிலளிக்கிறார்களா என்று பார்ப்பதுண்டு. ஆனால் அன்று சேர்வரின் யூபிஎஸ் தீர்ந்துபோயிருந்தது. றவுட்டர் மட்டும் தன் சிறிய பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லாத நேரத்தில் 50 திறன்பேசிக்குப் போனது. மின்சாரம் வந்ததும் சேர்வர் எழும்பி, தனக்குள் எழுதப்பட்டிருந்த அதே எண்ணை எவரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டது.

ஒதுக்கீட்டு முறையில் இந்த மோதலுக்கு இடமில்லை, ஏனென்றால் எண்களைக் கொடுப்பவரும் கணக்கு வைத்திருப்பவரும் ஒருவரே. சேர்வர் அணைந்திருந்தாலும் 50 அதற்குரியது என்பது றவுட்டரின் பட்டியலில் இருக்கும். வேறு கருவிக்கு அது போகாது. செய்முறையும் சிக்கலானது அன்று. நிறுவும் திரையில் `Automatic (DHCP)` என்பதைத் தொடாமல் விட்டு, அங்கே தெரியும் மக் முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் றவுட்டரின் உள்வலையமைப்புப் பக்கத்தில் `Address Reservation` அல்லது `Static DHCP` என்ற பெயரில் இருக்கும் இடத்தில் அதையும் விரும்பிய எண்ணையும் சேர்த்து, சேர்வரை மீள இயக்கினால் போதும். வைஃபை அட்டைக்கும் கேபிள் துளைக்கும் மக் முகவரி வேறு வேறு. உண்மையில் பயன்படும் துளையினதையே எழுத வேண்டும்.

எழுதிய பிறகும் சேர்வர் வேறு எண்ணோடு வந்தால், உபுண்டுவில் ஒரு நுணுக்கம் காரணமாக இருக்கலாம். அது றவுட்டரிடம் தன்னை அறிமுகப்படுத்தும்போது மக் முகவரிக்குப் பதிலாக வேறோர் அடையாளத்தை அனுப்புவதுண்டு. சில றவுட்டர்கள் அதில் குழம்பிவிடும். `/etc/netplan` இல் உள்ள கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தால் இது தீரும்:

```yaml
network:
  version: 2
  ethernets:
    enp3s0:
      dhcp4: true
      dhcp-identifier: mac
```

இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவது றவுட்டரை மாற்றும் நாளில். நிலைய நிர்வாகம் பின்னர் 4ஜி றவுட்டரிலிருந்து ஃபைபர் இணைப்புக்கு மாறியபோது, புதிய றவுட்டர் 192.168.100 என்று தொடங்கும் எண்களை வழங்கியது. பழைய முறையில் விட்டிருந்தால், சேர்வர் 192.168.1.50 என்றே நின்றிருக்கும். நுழைவாயில் முகவரியும் பெயர்த்தீர்வு முகவரியும் இல்லாத றவுட்டரையே காட்டியிருக்கும். திரையும் விசைப்பலகையும் கொண்டுபோய் மாட்டித்தான் திருத்தியிருக்க வேண்டும். ஒதுக்கீட்டுக்கு மாற்றியிருந்ததால், அது புதிய றவுட்டரிடம் ஏதோ ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு தானே எழும்பியது. றவுட்டரின் பட்டியலில் அதைக் கண்டுபிடித்து, புதிதாக ஓர் ஒதுக்கீடு எழுதினேன். பழைய ஒதுக்கீடு தானாக இடம்பெயராது என்பது உண்மைதான். றவுட்டரை ஆரம்ப நிலைக்கு மீட்டாலும் அது அழிந்துபோகும். ஆயினும், அந்த இழப்பை என் இருக்கையிலிருந்தே சரிசெய்ய முடிகிறது.

சேர்வருக்குள் எழுதுவதே சரியாகும் இடங்களும் உண்டு. எண்களை வழங்கும் வேலையைச் சேர்வரே செய்வதானால், அது தனக்கான எண்ணை வேறெவரிடமும் கேட்க முடியாது. றவுட்டரில் ஒதுக்கீட்டு வசதியே இல்லாவிட்டாலும் வேறு வழியில்லை. றவுட்டர் பழுதாகி நாட்கணக்கில் கிடந்தாலும், தனிச் சுவிட்ச் வழியாகக் கணினிகள் சேர்வரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் உள்ளே எழுதிய எண்ணே கைகொடுக்கும். ஏனெனில் றவுட்டரிடம் பெற்ற எண் தவணைக்கு உட்பட்டது, புதுப்பிக்க ஆளில்லாமல் தவணை முடிந்தால் சேர்வர் அதைக் கைவிட்டுவிடும்.

அப்படி எழுதுவதானால், முதலில் றவுட்டரின் வழங்கும் வரம்பை, எடுத்துக்காட்டாக 100 இலிருந்து 200 வரை என்று சுருக்கிவிட்டு, அதற்கு வெளியே 10 போன்ற ஓர் எண்ணைச் சேர்வருக்குக் கொடுக்க வேண்டும். நிறுவும் திரையில் `Subnet` என்ற கட்டத்தில் 255.255.255.0 என்று எழுதினால் அது ஏற்காது. `192.168.1.0/24` என்றே எழுத வேண்டும். நான் அன்று வரம்பைச் சுருக்கியிருந்தால், திறன்பேசிக்கு 50 போயிருக்காது.