மார்கழிக் கச்சேரி இடைவேளை: இடியப்பமா, நெய்த் தோசையா?

திருகோணமலையில் இரு கச்சேரிகளுக்கு நடுவே 15 நிமிடங்களே கிடைக்கும் எமது வழமையான வாடிக்கையாளர்களுக்காக, இம்மார்கழியில் இரண்டு மாலை உணவுகளை வழங்குகின்றோம். இடியப்பம் முன்னரே அவித்திருப்பதால், சொதியும் சம்பலும் சேர்த்து உடனே பரிமாறப்படும். முதற்பால் விட்ட சொதியை மீண்டும் கொதிக்க வைத்தால் அது திரிந்துவிடும் என்பதால், இளஞ்சூட்டிலேயே தருவோம். ஆவி பறக்க வேண்டும் என்போருக்கு அது ஏமாற்றமே. நெய்த் தோசை மொறுமொறுப்பாக, சுடச்சுடக் கிடைக்கும். எனினும் ஒரே கல்லில் ஒன்றுக்கு 3 நிமிடங்கள் செல்வதால், வரிசையில் ஆறாவதாக நிற்பவர் 18 நிமிடங்கள் காத்திருந்து, அடுத்த கச்சேரியின் வர்ணத்தைத் தவறவிடுவார். ஆகவே தோசையை இரண்டாவது கச்சேரியும் முடிந்தபின் கேட்பதே நல்லது. மழைக்குளிரில் மாவு பொங்காத நாட்களில் தோசை இராது.