சீன மொழி ஆப்போடு இரண்டு டெல்லி குளிர்காலம்

ஷென்ஜெனிலிருந்து அண்ணன் கொண்டுவந்த ஏர் பியூரிஃபையர் இப்போது விலை குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். டெல்லியில் இரண்டு குளிர்காலம் ஓட்டியிருக்கிறேன், காற்றைச் சுத்தம் செய்வதில் ஒரு குறையும் இல்லை. ஆப் மட்டும் முழுக்கச் சீனம், மொழி மாற்ற வழியே கிடையாது.

முதலில் ஃபில்டர். திரையில் 剩余 28% என்று இருந்தது. 28 சதவீதம்தான் தீர்ந்திருக்கிறது என்று நானாக முடிவு செய்து நிம்மதியாக இருந்துவிட்டேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் 24. தீர்ந்த கணக்கு என்றால் ஏறத்தானே வேண்டும், ஏன் இறங்குகிறது? அப்புறம்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்த்தேன்: 剩余 என்றால் மீதி. 已用 என்று இருந்தால்தான் செலவானது. பின்மூடியைக் கழற்றினால் வெள்ளை ஃபில்டர் திருநீறு நிறத்தில் இருந்தது. புதிது மாட்டியும் பழைய எண்ணே நின்றது, ஏனென்றால் இந்த மெஷினில் அது வெறும் ஓடிய நேரக் கணக்கு. 重置 என்பதை அழுத்திய பிறகுதான் 100 ஆனது.

இதைவிடக் கடுப்பேற்றியது காற்றின் தர வார்த்தை. ஒரு நாள் 70 என்று காட்டி, பக்கத்தில் 良 என்று போட்டிருந்தது. மொழிபெயர்ப்பு 'நல்லது' என்கிறது. 2012இல் வந்த சீன அளவுகோலில், காற்றில் மிதக்கும் நுண்தூசியான பி.எம் 2.5 ஒரு கன மீட்டருக்கு எழுபத்தைந்து மைக்ரோகிராம் வரை 良தான், 35க்குள் இருந்தால் 优. நம் நாட்டிலோ 24 மணி நேர வரம்பே 60. ஆகவே அந்த எழுத்தை மறந்துவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள். அந்த எண்ணும் டிவியில் சொல்லும் ஏ.க்யூ.ஐ அல்ல. மெஷினில் 120 வந்தால் நம் கணக்கில் ஏ.க்யூ.ஐ 300, அதாவது 'மோசம்'. இது தெரியாமல் 'வீட்டில் 120தானே, வெளியே 300' என்று ஒரு வாரம் பெருமைப்பட்டேன்.

மோட் பெயர்களுக்கு அகராதியே வேண்டாம், தாளிப்பு போதும். சமையலறைக் கதவைத் திறந்துவைத்து மிளகாய் தாளித்தேன், எண் 40லிருந்து 200ஐத் தாண்டியது. மெஷின் தானாக இரைந்தால் அது 自动. எண் ஏறியும் மெஷின் முனகலோடு நின்றால் 睡眠, தூக்க மோட். நவம்பர் முழுக்கப் பகலிலும் அதில்தான் விட்டிருந்தேன், கொடுமை. 最爱 என்பதை மொழிபெயர்ப்பு 'மிகவும் நேசிப்பது' என்றது, ஏதோ காதல் கடிதம் போல. விஷயம் என்னவென்றால், ஃபேன் வேகத்தை நாமே வைத்துக்கொள்ளும் மோட் அது.

இப்போது மெஷினின் பக்கவாட்டில் ஏழு எழுத்தும் அர்த்தமும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது. அம்மாகூட அதைப் பார்த்து மோட் மாற்றுகிறார். நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். எனக்கு மட்டும் அடுத்த குளிர்காலத்துக்கு ரெண்டு ஃபில்டர் ஆர்டர் போட்டாச்சு.