"கை வைக்காதே" முதல் "மெயினை இறக்குங்கள்" வரை: ஓர் எலிவேட்டர் பலகையின் மூன்று வடிவங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி மில்லில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். நெல் கொட்டும் குழியிலிருந்து நெல்லை மேலே ஏற்றும் முதல் எலிவேட்டருக்குப் பக்கத்தில் மூன்று விதமான எச்சரிக்கைப் பலகைகள் இருந்து பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒரே ஆபத்தைத்தான் சொல்லின. வேலை செய்தது ஒன்றுதான்.

ஆபத்து எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குறுவை அறுப்பு ஐப்பசி மழையோடு மோதும்போது ஈர நெல் வரும். அரசுக் கொள்முதலில் 17 சதவீத ஈரப்பதம் வரைதான் வாங்க வேண்டும் என்று விதி. மழை வருடங்களில் தளர்வு கேட்டு வாங்குவார்கள். எங்களுக்கு வருவது பல நாள் அதற்கும் மேல். கூடவே வைக்கோல் துண்டு, சாக்கு நூல். சல்லடை இந்த எலிவேட்டருக்கு அப்புறம்தான் இருப்பதால் எல்லாம் அடிப்பெட்டியில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பெல்ட் திணறும், அதில் மாட்டிய நெல் அள்ளும் கப்புகள் உரசும், கருகிய ரப்பர் வாடை வரும். அப்போது பக்கத்தில் நிற்பவர் குந்தி உட்கார்ந்து, மூடியைத் திறந்து, கையை விட்டு வைக்கோலை இழுத்துப்போடுவார். இரண்டே நிமிட வேலை. கை போவதும் அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

முதல் பலகை நான் சேருவதற்கு முன்பே இருந்தது. மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து: "எச்சரிக்கை! ஓடும் இயந்திரத்தில் கை வைக்காதே! மீறினால் வேலையிலிருந்து நீக்கப்படுவாய்!"

ஐம்பத்தைந்து வயது பெரியம்மா ஒருவர் அந்த இடத்தைக் கூட்டுவார். மேஸ்திரிகூட அவரை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். பலகை மட்டும் "நீ" என்றது. அவர் அதைக் குறையாகச் சொன்னதில்லை, அதைப் படித்ததும் இல்லை. இன்னொரு கோளாறு தமிழுக்கே உரியது. நம் வாக்கியத்தில் மறுப்பு கடைசியில்தான் வரும். பலகையின் வலது ஓரத்தில் தவிட்டுத் தூசி படிந்து "காதே" மறைந்தபோது, மிச்சம் தெரிந்தது "ஓடும் இயந்திரத்தில் கை வைக்". சிரித்துக்கொண்டேதான் துடைத்தேன், ஆனால் அது சிரிப்புக்குரிய விஷயமில்லை.

மிரட்டலால் வந்த கெடுதல் இன்னும் பெரியது. அடைப்பு வந்தால் மேஸ்திரி வருவதற்குள் கையை விட்டுச் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வந்தது. ஒருநாள் ஓர் அண்ணனின் விரல் நகம் பிய்ந்தது. வாளி விழுந்துவிட்டது என்றார். நான்கு நாள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது.

அதன் பிறகு நான் எழுதிய இரண்டாவது பலகை: "அன்பான தொழிலாளர்களே, தயவுசெய்து இயந்திரங்களைப் பாதுகாப்பாகக் கையாளவும். மின் இணைப்பைத் துண்டித்த பின் பழுது நீக்கவும். ஒத்துழைப்புக்கு நன்றி." மரியாதைக்குக் குறைவில்லை, பயனும் இல்லை. "கையாளவும்", "நீக்கவும்" எல்லாம் பஸ் ஸ்டாண்டு அறிவிப்பில் வருவதுபோல யாருடைய குரலும் இல்லாத வார்த்தைகள். "பாதுகாப்பாக" என்றால் எப்படி என்று அதில் இல்லை. எந்த இணைப்பு, அது எங்கே என்றும் இல்லை. ஏசினால் கேட்க மாட்டார்கள், கெஞ்சினால் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். அடைப்பு வந்த நிமிடத்தில் இரண்டும் ஒன்றுதான் என்பது அப்புறம்தான் புரிந்தது.

மூன்றாவதை மேசையில் உட்கார்ந்து எழுதவில்லை. பெரியம்மாவையும் இரண்டு ஆபரேட்டர்களையும் நிறுத்திய எலிவேட்டர் முன்னால் உட்காரவைத்து, "அடைச்சா என்ன செய்வீங்க, செஞ்சு காட்டுங்க" என்றேன். "மின் இணைப்பு" அவர்கள் வாயில் வரவே இல்லை, "மெயின்" என்றார்கள். நான் "அணைங்க" என்று பேச்சுமொழியில் எழுதிக் காட்டியபோது பெரியம்மாவுக்கே பிடிக்கவில்லை: "பலகைன்னா எழுத்து மாதிரி இருக்கட்டும் தம்பி, கடை விளம்பரம் மாதிரி இருக்கு." அதனால் "-ங்கள்" என்றே முடித்தோம். கடைசியில் வந்தது இது:

"எலிவேட்டர் அடைத்துக்கொண்டதா?
1. நெல் இறங்கும் வாயை மூடுங்கள்.
2. மெயினை இறக்கிப் பூட்டுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும்.
3. பெல்ட் நின்றதைக் கண்ணால் பாருங்கள்.
4. கொக்கியால் இழுங்கள். நின்ற பெல்ட்டும் பின்னால் சறுக்கும்.
மில் நிற்பதற்கு நான் பொறுப்பு. – முதலாளி"

இந்த வரிசையில் காரணம் இருக்கிறது. வாயை மூடாமல் மோட்டாரை மட்டும் நிறுத்தினால் அடிப்பெட்டி மேலும் நிரம்பும். மெயின் இருப்பது சுவருக்கு அந்தப் பக்கம். அடைப்பு எடுப்பவர் அங்கிருந்து தெரியமாட்டார். ஆகவே பூட்டு இல்லாத "ஆஃப்" பாதி ஆஃப்தான். முன்பு கரண்டு போன நேரத்தில் கையை விடும் பழக்கமும் இருந்தது. எங்கள் ஸ்டார்ட்டர் கரண்டு வந்ததும் தானாக ஓடாது, ஆனால் ஜெனரேட்டர் போட்டவர் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும்.

நான்காவது வரியைத்தான் அதிகம் விவாதித்தோம். நிறுத்தியபோது ஏறும் பக்கத்துக் கப்புகளில் நெல் நிறைந்திருக்கும், இறங்கும் பக்கம் காலி. பின்சுழற்சியைத் தடுக்கும் அமைப்பு இல்லாத பழைய எலிவேட்டரில் அந்தப் பாரத்தை அடைப்பே பிடித்து வைத்திருக்கும். வைக்கோலை உருவியதும் பெல்ட் ஒரு முழம் பின்னால் பாயும். மெயின் இறக்கியிருந்தாலும் இது நடக்கும். "கை வைக்காதே" என்ற பலகை இதை யாருக்கும் சொன்னதில்லை. காரணம் தெரிந்ததும் ஆபரேட்டர்களே கொக்கி கேட்டார்கள். நீளக் கம்பியில் மூன்று செய்து பலகைக்குக் கீழேயே மாட்டினோம்.

கடைசி வரிக்கு முதலாளியைச் சம்மதிக்கவைக்க ஒரு வாரம் ஆனது. அது இல்லாவிட்டால் மற்ற நான்கும் வெறும் எழுத்து. வாயை மூடி, பூட்டி, கொக்கி போட்டு எடுக்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணிக்கு யார் திட்டு வாங்குவது என்று தெரியாதவரை எவரும் இரண்டு நிமிட வழியைத்தான் தேடுவார்கள்.

பலகையைத் தரையிலிருந்து இரண்டரை அடியில் வைத்தோம், குந்தி உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக. பழையது வாசல் கதவுக்கு மேலே தொங்கியது.

கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்கப் பலகையைப் பார்த்துப் பயனில்லை. கொக்கியின் முனை தேய்ந்து பளபளக்கிறதா, ஷிப்டு நோட்டில் "அடைப்பு, நிறுத்தினோம்" என்ற வரி வருகிறதா என்று பார்ப்பேன். மழை நாளில் அந்த வரி ஒன்றுகூட இல்லை என்றால் யாரோ கையை விட்டிருக்கிறார்கள். பீகாரிலிருந்து வந்த தம்பிகளுக்குப் படங்களும் இந்தியும் சேர்த்தோம். ஆனால் சறுக்கும் பெல்ட்டைப் படத்தில் காட்ட முடியவில்லை, நேரில்தான் காட்ட வேண்டியிருக்கிறது. மூடிக்கு நான்கு போல்ட் போட்டு இறுக்கியதைப் பலகைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். எந்தப் பலகைக்கும் முன்னால் செய்ய வேண்டியது அது.

ஓர் இடத்தில் மட்டும் கடுமையை வைத்துக்கொண்டோம். நெல் சேமிப்புத் தொட்டியின் வாசலில் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் போட்டு, "உள்ளே இறங்கக் கூடாது". கீழே நெல் இறங்கும்போது மேலே நிற்பவரை அது இழுத்து மூடிவிடும். யோசிக்க நேரம் தராது. அங்கே படிப்படியாகச் சொல்ல எதுவும் இல்லை. "இறங்காதே" என்பது ஆளைப் பார்த்துச் சொல்வது, "கூடாது" இடத்தைப் பற்றிச் சொல்வது. போன தை மாதம் முதலாளியின் மகன் நெல் மட்டம் பார்க்க ஒரு காலை உள்ளே வைத்தார். பெரியம்மா துடைப்பத்தைக் கீழே வைக்காமலே, "தம்பி, அது எல்லாருக்கும்தான் போட்டிருக்கு" என்றார். அவர் காலை எடுத்துக்கொண்டார்.