இரண்டு பிரசவம், ஒரே லீவ் லெட்டர்: ‘வரை’ என்ற சொல் எனக்குச் செய்த வேலை

போன வாரம் கூட வேலை பார்த்த தங்கை ஒருத்தி கேட்டாள்: “அக்கா, உங்க மெட்டர்னிட்டி லீவ் லெட்டர் இன்னும் இருக்கா? அப்படியே பேரை மாத்திப் போட்டுக்கறேன்.” இருக்கிறது. 2022இல் ஒரு முறையும் 2025இல் ஒரு முறையும் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

முதல் முறை நானாக ஆங்கிலத்தில் எழுதவில்லை. ஒரு நோட்டில் தமிழில் குறிப்பு எழுதினேன். ஆங்கிலம் நன்றாக எழுதும் தோழி அதைப் பார்த்துக் கடிதமாக்கிக் கொடுத்தாள். என் குறிப்பு இவ்வளவுதான்: “ஏழாம் மாதம் நடக்கிறது. உடம்பு முடியவில்லை. செப்டம்பர் 19 முதல் மார்ச் 20 வரை லீவு வேண்டும். தயவுசெய்து கொடுத்து உதவவும்.” தமிழில் இதை யார் படித்தாலும் புரியும். தோழியின் ஆங்கிலத்திலும் பிழை கிடையாது. ஆனால் இந்த நான்கு வாக்கியங்களில் மூன்று எனக்கு வேலை வைத்தன.

முதலில் ‘ஏழாம் மாதம்’. கடைசி மாதவிலக்கின் முதல் நாள் ஜனவரி 10. கடிதம் எழுதியது ஜூலை 18. ஆறு மாதம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது, அதனால் நமக்கு அது ஏழாம் மாதம். நடக்கிற மாதத்தைத்தானே நாம் சொல்வோம்? தோழி ‘செவன் மன்த்ஸ் பிரெக்னன்ட்’ என்று எழுதினாள். எச்.ஆரில் இருந்தவர் அதை முடிந்த மாதமாக எடுத்துக்கொண்டார். ஒன்பதில் ஏழு போனால் இரண்டு, ஆகவே செப்டம்பர் நடுவில் பிரசவம். கூடவே வைத்திருந்த டாக்டர் சான்றிதழில் அக்டோபர் 17 என்று இருந்தது. “எது சரி?” என்று மெயில் வந்தது. சான்றிதழ்தான் சரி. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம், எண்ணித்தான் டியூ டேட் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் கடிதம் எழுதிய அன்று எனக்கு 27 வாரம் முடிந்திருந்தது. மாதக் கணக்கையே எழுதாமல் சான்றிதழில் உள்ள தேதியை மட்டும் எடுத்து எழுதியிருந்தால் இந்த மெயிலே வந்திருக்காது.

அடுத்து ‘உடம்பு முடியவில்லை’. கர்ப்பத்தின் அசதியை நாம் சாதாரணமாக அப்படித்தான் சொல்கிறோம். அது ‘ஹெல்த் ரீசன்ஸ்’ ஆனது. விளைவு, முதல் இரண்டு வாரத்தை சிக் லீவில் கழித்து வைத்திருந்தார்கள். கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. மகப்பேறு விடுப்புக்குக் காரணம் கர்ப்பம் ஒன்றுதான். வேறு எதைச் சேர்த்து எழுதினாலும் அது வேறு கணக்கில் போய் உட்காரும்.

இதெல்லாம் ஒரு போனில் முடிந்தது. என் ஆத்திரம் முழுக்க ‘வரை’ மேல்தான்.

எங்கள் அலுவலகத்தில் 26 வாரம் கொடுக்கிறார்கள், விடுமுறை நாட்களையும் சேர்த்து 182 நாள். 2022 செப்டம்பர் 19 திங்கட்கிழமை. அதிலிருந்து எண்ணினால் 182ஆவது நாள் 2023 மார்ச் 19, ஞாயிறு. 20ஆம் தேதி திங்கட்கிழமை நான் வேலைக்கு வர வேண்டும். இதை மனதில் வைத்துத்தான் ‘மார்ச் 20 வரை’ என்று எழுதினேன். இருபதாம் தேதி வந்துவிடுவேன், அதுவரைக்கும் லீவு என்று அர்த்தம். ஆனால் அதே தமிழில் ‘20 வரை லீவு’ என்றால் 20உம் லீவு என்றும் அர்த்தம். பேசும்போது எதிரில் இருப்பவர் “அப்போ இருபதாம் தேதி வருவியா?” என்று கேட்டுவிடுவார், தகராறு இல்லை. கடிதம் யாரிடம் கேட்கும்? தோழி ‘அன்டில்’ என்று போட்டாள். ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்கு இதே நோய்தான். எச்.ஆர். 20ஐயும் லீவில் சேர்த்தது. மொத்தம் 183 நாள். கூடுதலான ஒரு நாளுக்குச் சம்பளப் பிடித்தம்.

எனக்கு அது தெரியாது. 20ஆம் தேதி காலையில் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பிப் போனேன். வாசலில் கார்டு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் நான் இன்னும் லீவில் இருந்தேன். உள்ளே போய் நாள் முழுக்க வேலை பார்த்தேன். மாதக் கடைசியில் அன்றைக்குச் சம்பளமும் இல்லை. மூன்று மெயில் போட்டு அடுத்த மாதம் அதை வாங்கினேன். ஆறு மாதம் கழித்து முதல் நாள் வேலைக்குப் போகிறவளுக்கு இது தேவையா?

அதனால் 2025இல் கடிதத்தைத் திருத்தினேன். ‘முதல்’, ‘வரை’ இரண்டையும் தூக்கிவிட்டு நான்கு தேதிகளைத் தனித்தனியாகக் கிழமையோடு எழுதினேன்: கடைசியாக வேலை செய்யும் நாள் மே 30, வெள்ளி. லீவின் முதல் நாள் ஜூன் 2, திங்கள். லீவின் கடைசி நாள் நவம்பர் 30, ஞாயிறு. திரும்பி வேலைக்கு வரும் நாள் டிசம்பர் 1, திங்கள். கூடவே மொத்தம் 182 நாள் என்றும் போட்டேன். மாதத்தை எழுத்தில்தான் எழுத வேண்டும். 1/12 என்று போட்டால் ஜனவரி 12 என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள். கிழமை எதற்கு என்றால், தேதியை எண்ணியதில் பிசகினால் கிழமை ஒத்துப்போகாமல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நானே முதலில் நவம்பர் 29, ஞாயிறு என்று எழுதிவிட்டு, காலண்டரைப் பார்த்துத்தான் பிடித்தேன்.

இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தோழி முதல் முறையே செய்த ஒரு காரியம். ‘தயவுசெய்து கொடுத்து உதவவும்’ என்ற என் வாக்கியத்தை அவள் மொழிபெயர்க்கவே இல்லை. பதிலுக்கு, இந்தத் தேதியிலிருந்து மகப்பேறு விடுப்பு எடுக்கவிருக்கிறேன், தேதிகளை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள் என்று எழுதியிருந்தாள். “கெஞ்சுற மாதிரி இல்லையே, கோவிச்சுக்க மாட்டாங்களா?” என்று கேட்டேன். “ஏண்டி, உனக்குச் சேர வேண்டிய லீவுக்கு எதுக்குக் கெஞ்சறே?” என்றாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. உறுதிப்படுத்தச் சொன்ன அந்த ஒரு வரிதான் இரண்டு முறையும் எச்.ஆரிடமிருந்து பதில் வாங்கிக் கொடுத்தது.

ஆக, நல்ல கடிதம்தான். ஆனாலும் தங்கைக்கு அதை அனுப்பவில்லை. அலுவலகத்தில் படிவம் இருந்தால் கட்டங்களை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போ, கடிதமே எழுதாதே என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றால், நான்கு தேதியும் நான்கு கிழமையுமாக 2025இல் நான் அவ்வளவு பாடுபட்டு எழுதியதற்கு எச்.ஆர். அனுப்பிய பதில் ஒரே வரி: லீவ் ‘அன்டில்’ டிசம்பர் 1 அனுமதிக்கப்பட்டது.

“டிசம்பர் 1 அன்று நான் வேலையில் இருப்பேனா, லீவிலா?” என்று திருப்பிக் கேட்டு மெயில் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: வேலையில்.